இடித்த வீட்டு வாசலில் இன்றைய மழை

போனில் சுற்றி வரும் படங்கள் நிஜமா, புளுகா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சென்னையில் இருக்கும் ஒரு சின்னச் செய்தித் தளத்துக்காக, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறேன். கீழ்வீட்டுக்காரர்களுக்கு நான் செய்யும் வேலை இன்னும் பிடிபடவில்லை. "பகல் பூரா போட்டோ பாக்குது அந்தப் பொண்ணு, அதுக்கு சம்பளம் தராங்களாம்" என்று பால்காரரிடம் சொல்லிச் சிரித்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அந்தப் படம் வந்தது. முட்டி அளவு தண்ணீர் நிற்கும் ஒரு தெரு. ஓரத்தில் பாதி மூழ்கிய ஒரு ஆட்டோ. பின்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு பழைய மாடிவீடு. தெருமுனையை ஒட்டி வட்டமாக வளைந்த பால்கனி. கீழே எழுதியிருந்தது: "திருவண்ணாமலை கிரிவலப் பாதை இன்று காலை. இந்தப் பௌர்ணமிக்கு யாரும் வர வேண்டாம். அனைவருக்கும் பகிரவும்."

அனைவரும் நன்றாகவே பகிர்ந்திருந்தார்கள். என் அம்மாவே எனக்கு அனுப்பி, "வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டிருந்தாள். நான் மாடியில் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

முந்தின நாள் மழை பெய்தது உண்மை. ஆனால் தெருநாய் கூட எழுந்து ஒதுங்காத மழை.

காலை மீட்டிங்கில் படத்தை என் தலையில் கட்டினார்கள், ஊர்க்காரி என்பதால். சென்னை அலுவலகத்தில் எனக்குச் சோடியாக வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் உண்டு. என் வயதுதான். எந்தப் படத்தைக் காட்டினாலும் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்த பிறகு அவனோடு ஒரு மணி நேரம் பேச முடியாது.

"படத்தப் பாத்தா உங்க ஊருதான்னு தோணுதுப்பா" என்றான்.

"எங்க ஊர்ல இப்படி ஒரு வீடே கெடையாது. மூணு வருஷமா இந்தப் பாதையில வண்டி ஓட்டுறேன்."

"பெட்டா?"

"பெட்டு."

தோற்றவர் ஒரு வாரத்துக்கு மீட்டிங்கில் ஜெயித்தவரை "ஐயா அவர்களே" என்று கூப்பிட வேண்டும். ஜெயித்தவர் நானாக இருந்தால் "அம்மா அவர்களே." எங்கள் எடிட்டர் இதையெல்லாம் கேட்டும் கேட்காததுபோல இருப்பார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிரிவலப் பாதை முழுவதும், அதிலிருந்து பிரியும் தெருக்களிலும் சுற்றினேன். சாலை காய்ந்து கிடந்தது. மஞ்சள் வீடும் இல்லை, வட்ட பால்கனியும் இல்லை. சாமியார்களிடம் காட்டினேன், பூக்கடையில் காட்டினேன், ஆட்டோ ஸ்டாண்டில் காட்டினேன். ஆட்டோக்காரர்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை. மூழ்கிய ஆட்டோ யாருடையது என்றுதான் அவர்களுக்குள் பேச்சு.

கடைசியாக, பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு லாட்ஜில் நுழைந்தேன். நாலு மாடி, முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. முதலாளியே ரிசப்ஷனில் நின்றுகொண்டு போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"தண்ணியெல்லாம் ஒண்ணும் இல்லங்க... வீடியோ கால் வரட்டுமா? ரோட்டக் காட்டுறேன்... சரிங்க... சரிங்க." போனை வைத்தார். "பாத்தீங்களாம்மா? நாலு ரூம் கேன்சல். எவனோ வேலையத்தவன் ஒரு படத்தப் போட்டுட்டான். அவன் கை அழுகிப் போக!"

கவுன்டருக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்து சாவிகளில் நம்பர் அட்டை கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு போனை நீட்டினேன். "அண்ணா, இந்த வீடு எங்கேனு தெரியுதா?"

"இல்லம்மா. இந்த மாதிரி வீடு இந்த ஊர்லயே கெடையாது. இது ஏதோ கேரளா. போட்டுக்கங்க, கேரளானு போட்டுக்கங்க."

"நீங்க இன்னும் படத்தப் பாக்கலையே அண்ணா."

"காலையிலேந்து அதத்தான பாத்துக்கினு இருக்கேன். எதிர்ல ஒரு லாட்ஜு கீதே, அவன் வேலைதான். எனக்குத் தெரியும். இன்னியிலேந்து அவங்கிட்ட நான் பேசறதில்ல."

மனைவி எழுந்து போய் எனக்கு டீ கொண்டுவந்தார். டம்ளரை வைக்கும்போது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, உடனே சாவிகளுக்குத் திரும்பிவிட்டார். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. டீ நன்றாக இருந்தது, குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, "இது திருவண்ணாமலையே இல்லை" என்று தலைப்பு எழுதிவிட்டேன். இணையத்தில் அதே படம் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பல கை மாறி வந்த படம் என்பதால் எப்போது, எங்கே எடுத்தது என்ற தகவலெல்லாம் அதற்குள்ளிருந்து உதிர்ந்து போயிருந்தது. மேப்பில் தெருப் படங்களையும் பார்த்தேன். கூரையில் கேமரா வைத்த கார் ஒன்று எங்கள் ஊருக்குள் வந்து தெருத்தெருவாக எடுத்துப் போட்ட படங்கள் அவை. அதிலும் மஞ்சள் வீடு இல்லை.

நண்பனுக்குப் போன் செய்தேன். "நாளைக்கு மீட்டிங்ல 'அம்மா அவர்களே'ன்னு தெளிவா சொல்லணும். வாய்க்குள்ள முணுமுணுக்கக் கூடாது."

"அந்தக் கார் உங்க ஊருக்கு எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான், ரெண்டு வருஷம் இருக்கும்."

"அதுக்கு முன்னாடி எடுத்தது?"

"வேற தேதியே இல்லை. ஒரே தடவைதான் வந்திருக்கு."

"அப்ப நீ பாத்தது இன்னைய ஊரு. படம் இன்னைக்கு எடுத்ததுன்னு யாரு சொன்னா? அந்த ஃபார்வர்டு சொல்லுது. அது பொய்யான்னு பாக்கத்தான் உனக்கு சம்பளம். அது சொன்ன தேதிய மட்டும் எப்படி நம்பின?"

எனக்குச் சுருக்கென்றது. படம் பொய் என்று தொடங்கிவிட்டு, அந்தப் பொய்யின் பாதியை நானே சும்மா எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டப் பாக்காத" என்றான். "வீட்ட இடிச்சுக் கட்டுவான். கடை போர்ட மாத்துவான். கோயிலுக்குக்கூட கிரானைட் ஒட்டுவான். புதுசாக்கணும்னு எவனுக்கும் ஆசையே வராத பொருள் ஏதாவது இருக்கும், அதப் பாரு."

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். இந்த ஊரில் எடுத்த படம் என்றால் பெரும்பாலும் மலையின் ஒரு ஓரமாவது விழும். மலையின் சரிவு தெரிந்தால் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடலாம். இதில் பின்னால் வெறும் சாம்பல் நிறம். மழை மேகம். அதை நான் மலை இல்லை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். மலையை மேகம் மூடும், படம் எடுப்பவர் மலைக்கு முதுகு காட்டியும் நிற்கலாம் என்பது இந்த ஊரில் மூன்று வருஷம் இருந்தவளுக்குத் தெரியாதா!

பிறகு அதைப் பார்த்தேன். ஆட்டோவுக்குப் பின்னால், இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஒரு கம்பம் நேராக, இன்னொன்று குடித்துவிட்டு நிற்பவன்போலச் சாய்ந்து. அதைத் தாண்டித் தெரு இடதுபக்கம் வளைகிறது.

இந்தச் சாய்ந்த கம்பத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே? அன்றைக்குத்தான். அதன் நிழலில்தான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு லாட்ஜுக்குள் போனேன்.

படத்தைக் கையில் வாங்காமலே "கேரளா" என்று சொன்ன குரல் காதில் ஒலித்தது.

கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படம் பார்க்கும் புரோகிராமைத் திறந்தேன். அதில் பழைய வருஷங்களுக்குப் போக ஒரு கோடு இருக்கிறது. அதை இழுக்க இழுக்க ஊர் பின்னோக்கிப் போகும். லாட்ஜுக்கு மேலே போய் நின்றேன். இந்த வருஷம்: வெள்ளைக் கூரை, வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள். இழுத்தேன்: அதே கூரை. இழுத்தேன்: முழுக்க மேகம், ஊரையே காணோம். இழுத்தேன்: கூரை போய்விட்டது. செம்மண் மனை, ஓரத்தில் மணல் குவியல். இன்னும் ஒரு தடவை இழுத்தேன். அந்த மனையில் ஒரு சின்ன வீடு. தெருமுனையை ஒட்டிய மூலை மட்டும் கூராக இல்லாமல், இட்லியின் ஓரம்போல வட்டமாக இருந்தது.

ஆனால் அந்த வீடு லாட்ஜ் இருந்த இடத்துக்கு நேராக இல்லை. கொஞ்சம் பக்கத்து மனைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தப்பான வீடோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், தெருவே நகர்ந்திருந்தது. ஒவ்வொரு வருஷப் படமும் பூமிமேல் கொஞ்சம் முன்னே பின்னே ஒட்டப்பட்டிருக்கும். செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்து எடுத்திருந்தால் உயரமான கட்டிடங்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும். அதனால் அளவு பார்க்காமல், தெருவின் வளைவையும் எதிர்ப்பக்கத்துக் கூரைகளையும் அடையாளம் வைத்து இரண்டு வருஷங்களையும் ஒப்பிட்டேன். வளைவிலிருந்து எண்ணினால் அதே மனைதான்.

மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். பெயின்ட் மஞ்சளா பச்சையா என்று செயற்கைக்கோளுக்கு அக்கறை இல்லை. தெருவில் நின்று எடுத்த பழைய படம் ஒன்று வேண்டும். அந்தக் கார் வருவதற்கு முன்பே, ஊருக்கு வந்துபோன பக்தர்கள் சிலர் சுற்றிலும் தெரிகிற மாதிரி முழுவட்டப் படங்களை எடுத்து மேப்பில் ஏற்றியிருப்பார்கள். அந்தத் தெரு முனையில் அப்படி ஒன்று கிடைத்தது. எடுத்தவர் மலையைத்தான் எடுக்க நினைத்திருக்கிறார். வட்டப் படம் என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததும் விழுந்துவிட்டது. மலைக்கு முதுகைக் காட்டித் திருப்பினேன்.

மஞ்சள் வீடு. வட்ட பால்கனி. பால்கனிக் கம்பியில் தாமரைப் பூ வடிவம். வெள்ளப் படத்திலும் அதே தாமரை. பக்கத்தில் குடிகாரக் கம்பம்.

நாற்காலியிலிருந்து எழுந்து மாடியில் ஒரு சுற்று நடந்தேன். சந்தோஷத்தில் பாதியும், "ஐயா அவர்களே" என்ற நினைப்பில் பாதியுமாக.

வட்டப் படத்தின் ஓரத்தில் ஒரு தேதி இருந்தது. அதை நான் நம்பவில்லை. அது படம் ஏற்றிய நாளாகவும் இருக்கலாம். அது தேவையும் இல்லை. மனை வெறுமையாகத் தெரிந்த செயற்கைக்கோள் படத்துக்குத் தேதி இருக்கிறது. அன்றைக்கே இல்லாமல் போன ஒரு வீட்டின் வாசலில் இன்று காலை மழைத்தண்ணீர் நிற்க முடியாது. வெள்ளம் எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தேதிக்கு முன்னால் என்பது மட்டும் உறுதி. அவ்வளவு போதும்.

மறுநாள் மீட்டிங்கில், "ஐயா அவர்களே" என்றேன்.

"சரியா கேக்கலப்பா, நெட்வொர்க் விட்டு விட்டு வருது."

"ஐயா அவர்களே!" என்று கத்தினேன். எடிட்டர் இருமினார். கீழ்வீட்டில் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது.

வெளியிடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். முதலாளி அதே இடத்தில், அதே போனில். லேப்டாப்பைக் கவுன்டரில் வைத்து அந்தக் கோட்டை மெதுவாகப் பின்னால் இழுத்தேன். அவருடைய லாட்ஜ் கண்முன்னால் மறைந்தது. மனை வந்தது. வீடு வந்தது.

"அய்யய்யோ" என்றார் மெல்ல. "இதெல்லாம் மேலேந்து பாத்துக்கினா இருக்கானுங்க?"

பிறகு தாமரைப் பூ பால்கனியைக் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீடுதாம்மா. எங்கப்பா கட்டினது. நான் பொறந்து வளந்ததே அதுலதான்."

"அப்ப ஏண்ணா கேரளான்னீங்க?"

"பின்ன இன்னா சொல்றது? என் லாட்ஜு வாசல்ல முட்டி வரைக்கும் தண்ணினு நானே சொல்லணுமா? இப்ப ரோட்ட ஒசத்தி கால்வா போட்டாச்சு, ஒரு சொட்டு நிக்காது. ஆனா யாரு கேக்கறாங்க? படத்தப் பாத்தா முடிஞ்சு போச்சு." மறுபடி கோபம் ஏறியது. "அந்த எதிர் லாட்ஜுக்காரன் எங்கேந்துதான் இந்தப் படத்தத் தேடிப் புடிச்சானோ. அவன் வெளங்குவானா? அவன் கையில..."

"போதும் நிறுத்துங்க" என்றார் மனைவி.

சாவிக்கொத்தைக் கீழே வைத்தார். அவர் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா என்னையே சபிச்சுக்கினு இருக்கீங்க. அந்தப் படம் நான் எடுத்தது."

முதலாளி சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் பழைய போன்ல போட்டோ பாத்துக்கினு இருந்தேன். நம்ம பழைய வீடு வந்துச்சு. ஆசையா இருந்துது, எங்கண்ணன் வீட்டு குரூப்ல போட்டேன். 'திருவண்ணாமலைல நம்ம வீடு, ஒரு மழையில'ன்னு எழுதினேன். அவ்வளவுதான். அங்கேந்து யாரு எடுத்தாங்களோ, யாரு 'இன்று காலை'ன்னு சேத்தாங்களோ, எனக்குத் தெரியாது. நேத்து பாத்தா எனக்கே திரும்பி வருது."

"அப்ப கை அழுகணும்னு சொன்னது..."

"என் கைதான். அதே கையாலதான் நேத்து உங்களுக்கு தோச சுட்டேன்."

அன்றைக்கும் அவர் கொடுத்திருந்த டீ டம்ளருக்குள் நான் முகத்தை வைத்துக்கொண்டேன். அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. அந்த அக்காவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலாளி மட்டும் எதிர் லாட்ஜைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த மனிதர் தன்பாட்டுக்கு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், பாவம்.

"அவங்கிட்ட நான் என்னானு போய்ப் பேசறது?" என்றார்.

"ஒண்ணும் பேச வேணாம். ரெண்டு டீய எடுத்துக்கினு போங்க" என்றார் மனைவி.

போனார். நாங்கள் இருவரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். எதிர் லாட்ஜுக்காரர் டீயை வாங்கிக்கொண்டு, இவர் ஏன் இரண்டு நாளாகப் பேசவில்லை என்பதையே கவனிக்காதவர்போல ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா தன் பழைய போனிலிருந்து வெட்டாத முழுப் படத்தை எனக்குக் காட்டினார். அதில் படியில் சின்னப் பெண்ணாக அவர் மகள் காகிதக் கப்பலோடு நிற்கிறாள். ஃபார்வர்டில் அவளை வெட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் யார் பயப்படுவார்கள்? படம் எடுத்த தேதியும் அந்த போனில் இருந்தது. நான் கணக்குப் போட்டு வைத்த எல்லைக்கு முன்னால்தான், நல்ல வேளை.

அதே சாய்ந்த கம்பம் விழும்படி, காய்ந்த தெருவை அதே கோணத்தில் நானும் ஒரு படம் எடுத்தேன். செய்தி மத்தியானம் வெளிவந்தது: இடம் சரி, நாள் பொய். பழைய கூரை, வெறும் மனை, புதுக் கூரை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். முதலாளி கெஞ்சிக் கேட்டபடி லாட்ஜின் பெயரைப் போடவில்லை.

சாயங்காலமே அவர் போன் செய்தார்.

"ஏம்மா, நல்லா ஓடுதாமே உங்க செய்தி? எல்லாரும் அனுப்பறாங்க. பேரு போட்டிருக்கலாமே? ரெண்டு ரூம் நெரம்பியிருக்கும்."

பௌர்ணமியன்று வழக்கம்போல ஊர் பிதுங்கியது. நான் வீடு திரும்ப வழியில்லாமல் அந்த லாட்ஜ் வாசலிலேயே ஸ்கூட்டியோடு சிக்கி, அக்கா கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டு நின்றேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பழைய ஊரை மேலிருந்து பார்க்கும் பொண்ணு ஒன்று வேங்கிக்காலில் இருக்கிறது என்று முதலாளி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரியவர் படியேறி வந்தார். பக்கத்து வீட்டுக்காரன் மதில் சுவரை இரண்டடி தள்ளிக் கட்டிவிட்டானாம். பழைய படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"அதுல அப்படிப் பாக்க முடியாதுங்க. வருஷத்துக்கு வருஷம் படமே சில அடி நகந்திருக்கும். சுவரு நகந்துதா, படம் நகந்துதானு சொல்ல முடியாது. சர்வேயரத்தான் கூப்பிடணும்."

பெரியவர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்ப ஒண்ணு பண்ணும்மா. எந்த வருஷம் எம்பக்கமா நகந்திருக்குதோ, அத மட்டும் ஒரு பிரின்ட் எடுத்துக் குடு."